கிருமிநாசினி சோப்புக்குக் கூடுதல் காசு எதற்கு?

டிவி விளம்பரத்தில் பூதக்கண்ணாடிக்குக் கீழே பச்சையாய் ஏதேதோ நெளியும். சோப்பு பட்டதும் எல்லாம் மறைந்து, ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் தங்கியிருக்கும். "99.9 சதவீதம்" என்று ஒரு குரல் சொல்லும். அது பொய் என்று நான் சொல்லவில்லை. சாதா சோப்புப் போட்டுக் கழுவினால் எவ்வளவு மிஞ்சும் என்று பக்கத்திலேயே ஏன் காட்டுவதில்லை? அதுதான் என் கேள்வி.

அதை ஒழுங்காகக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. நடந்தது கராச்சியின் குடிசைப் பகுதிகளில், 2002, 2003 ஆண்டுகளில். சுமார் 300 வீடுகளுக்கு ட்ரைக்ளோகார்பன் என்ற கிருமிக்கொல்லி கலந்த சோப்பு. இன்னொரு 300 வீடுகளுக்கு அது இல்லாத சாதா சோப்பு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளை உறை, பெயர் கிடையாது. எது யாருக்குப் போனது என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கும் தெரியாது. மூன்றாவதாக ஒரு 300 வீடுகளுக்குச் சோப்பே தரவில்லை. மலம் கழித்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின், சமைக்கும் முன், சாப்பிடும் முன், ஊட்டும் முன் கையை நனைத்து நுரை வரத் தேய்க்கும்படி சோப்பு வாங்கிய வீடுகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் ஓராண்டு, வாராவாரம் வீடு வீடாகப் போய் யாருக்குப் பேதி, யாருக்கு இருமல், யாருக்குச் சிரங்கு என்று எழுதிவந்தார்கள்.

2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. சோப்புக் கிடைத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளின் பேதியும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. ஆனால் மருந்து சோப்பு வீட்டுக்கும் சாதா சோப்பு வீட்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. இத்தனைக்கும் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்பு நிறுவனமும் உண்டு!

ஏன் இப்படி? சோப்பின் வேலையே வேறு. கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்பு அந்தப் பிசுக்கைத் தோலிலிருந்து பெயர்க்கிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கிருமி செத்ததா பிழைத்ததா என்பது நம் கைக்கு முக்கியமில்லை, கையை விட்டுப் போனால் சரி. கிருமிக்கொல்லிக்கோ நேரம் வேண்டும். தென்கொரியாவில் ட்ரைக்ளோசான் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி 0.3 சதவீதம் கலந்த சோப்பையும் சாதா சோப்பையும் இருபது வகை பாக்டீரியாக்கள்மேல் சோதித்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், 20 நொடியில் இரண்டும் ஒன்றுதான். ஒன்பது மணி நேரம் ஊறவிட்ட பிறகுதான் மருந்து சோப்பு முந்தியது. ஒன்பது மணி நேரம் கையில் நுரையோடு யார் உட்கார்ந்திருப்பார்கள்? இதுபோக, குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸும் நம் சளியும் பாக்டீரியாக் கணக்கிலேயே வராதவை.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் நிறுவனங்களிடம் நேராகக் கேட்டது: சாதா சோப்பைவிட இது மேல், தினமும் போட்டாலும் ஆபத்தில்லை என்று காட்டுங்கள். போதுமான சான்று வரவில்லை. 2016 செப்டம்பரில் ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் கலக்கக் கூடாது என்றது. பென்சல்கோனியம் குளோரைடு உள்ளிட்ட மூன்றுக்கு மட்டும் சான்று காட்ட அவகாசம் கொடுத்தது. அது அந்த நாட்டு விதி, நம் கடைகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கதை வேறு. அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர்கள் நிமிடக் கணக்கில் தேய்த்துக் கழுவும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி, தோலில் தங்கி நின்று வேலை செய்வது. கையுறைக்குள் மணிக்கணக்கில் கிருமி பெருகக் கூடாது என்ற தேவை அங்கே இருக்கிறது. குழம்பு வைக்கப் போகிறவருக்கு அந்தத் தேவை இல்லை. உங்கள் தோல் நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சோப்பையும் நான் இதில் சேர்க்கவில்லை.

"அந்த மருந்து வாசனை வந்தாத்தான் கை கழுவின மாதிரி இருக்கு" என்பார் என் அத்தை. வாசனை பிடித்து வாங்கினால் எனக்கு ஆட்சேபமே இல்லை, சந்தனமும் மல்லிகையும் அப்படித்தானே வாங்குகிறோம்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் பெற்றோர்கள் காசு போட்டு விலை கூடிய கிருமிநாசினி ஹேண்ட்வாஷ் பாட்டில்கள் வாங்கி வைத்தோம். சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இப்போது காலிப் பாட்டில்களும் குழாய்த் தண்ணீரும் மட்டும். அதே காசுக்குச் சாதா சோப்பு வாங்கி, துண்டு போட்டு, வலைப்பையில் கட்டிக் குழாய்க்குக் குழாய் தொங்கவிட்டிருந்தால் வெகு நாள் வந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறேன்.