எழுபத்தைந்து வயதில் சந்நியாசம் என்ற கணக்கு மனுஸ்மிருதியில் உண்டா?

"ஆயுள் நூறு, ஆசிரமம் நாலு. ஒவ்வொன்றும் 25 வருஷம், 75 ஆனதும் சந்நியாசம். மனுஸ்மிருதியே சொல்கிறது."

சொல்லவில்லை. ஆயுளின் நாலு பாகங்கள் என்று மனு பேசுவது உண்மைதான். 25, 75 என்ற எண்கள் அங்கே இல்லை. முதல் ஆசிரமமான பிரம்மச்சரியத்தில் வேதம் படிக்கவே 36 வருஷம், அல்லது அதில் பாதி, அல்லது கால்வாசி என்கிறது மூன்றாம் அத்தியாயம். அப்புறம் 25 எப்படிப் பொருந்தும்?

வனப்பிரஸ்தத்துக்கு ஆறாம் அத்தியாயம் வைக்கும் அளவுகோல் வேறு: தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனைப் பார்த்த பிறகு கிரகஸ்தன் காட்டுக்குப் போகலாம். துறவைத் தள்ளிப்போடக் காரணம் கடன். வேதம் ஓதி ரிஷிகளுக்கும், பிள்ளை பெற்றுப் பித்ருக்களுக்கும், யாகம் செய்து தேவர்களுக்கும் பட்ட மூன்று கடன்களைத் தீர்க்காமல் மோட்சம் தேடுபவன் கீழே போவான் என்கிறார் மனு. அர்த்தசாஸ்திரம் இன்னும் கறார்: மனைவி மக்களுக்கு வழிசெய்யாமல் துறவு போனால் அபராதம்!

ஆனால் இது ஒரே கருத்தல்ல. வைராக்கியம் வந்த அன்றே, பிரம்மச்சரியத்திலிருந்தே கூடத் துறக்கலாம் என்கிறது ஜாபால உபநிஷதம். ஆதிசங்கரரின் இளவயதுத் துறவுக்கு இடம் தருவது இந்த மரபுதான்.