புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா எழுதிய குறிப்புகளைத் திருப்பித் தாருங்கள்

அக்காவின் வாசிப்பு ஆப் விவகாரம் பற்றிப் போட்ட பதிவுக்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்துவிட்டேன். "சந்தாவை நிறுத்தினால் புத்தகம் போகத்தானே செய்யும்?" என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. புத்தகம் போனதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இரவல் புத்தகங்கள் போகட்டும், அது அவளுக்கும் தெரியும். போனது அவள் அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகள். அவள் கைப்பட டைப் செய்தவை. அதைத்தான் கேட்கிறோம்.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆப்பில் அக்காவின் அலமாரி ஒன்றுதான். ஆனால் உள்ளே இருந்தவை வேறு வேறு. மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் இரவல் புத்தகங்கள் சில. தள்ளுபடி வந்தபோது தனியாகக் காசு கொடுத்து வாங்கியவை சில. இரண்டுக்கும் ஒரே மாதிரி அட்டைப்படம், டவுன்லோட் ஆகிவிட்டது என்பதற்கு மூலையில் ஒரே மாதிரி டிக். எது இரவல், எது சொந்தம் என்று அந்தத் திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பணம் கட்டிய காலம் முடிந்த மறுநாள் பாதி அட்டைகள் சாம்பல் நிறமாகி, மேலே பூட்டுப் படம் வந்துவிட்டது. தொட்டால் 'சந்தாவைப் புதுப்பிக்கவும்' என்று மட்டும் வருகிறது. வாங்கியவை ஒழுங்காகத் திறக்கின்றன. குறிப்புகள் பக்கத்திலும் வாங்கிய புத்தகங்களில் எழுதியவை மட்டும் இருக்கின்றன. இரவல் புத்தகங்களில் எழுதியவை கண்ணிலேயே இல்லை.

"டவுன்லோட் செய்ததுதானே, போனில் இருக்குமே" என்றார் ஒரு நண்பர். இருக்கிறது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் அந்த ஆப் முன்பு எவ்வளவு இடம் பிடித்ததோ, இன்றும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோப்பு எங்கும் போகவில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். டவுன்லோட் என்ற பெயரில் போனுக்கு வருவது மறையாக்கம் செய்த கோப்பு. அதைத் திறக்கும் சாவி தனியாக, லைசன்ஸ் என்ற பெயரில் வருகிறது. சந்தாப் புத்தகம், சந்தாப் பாட்டு என்றால் அந்தச் சாவிக்குக் காலக்கெடு உண்டு. ஆப் அவ்வப்போது சர்வரிடம் "இவர் இன்னும் சந்தாதாரரா?" என்று கேட்டுக் கெடுவை நீட்டித்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்த பாட்டுகள் நிற்க வேண்டும் என்றால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் சேர வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அதனால் ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்தால் தப்பிக்கலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு: கெடு முடியும்வரை வண்டி ஓடும், அவ்வளவுதான்.

சரி, இது புத்தகத்துக்கு நியாயம். எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் போக வேண்டும். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அக்கா எழுதிய குறிப்புக்கு எதற்குப் பூட்டு? அதற்கு எந்தப் பதிப்பகத்திடம் உரிமம் வாங்கினார்கள்? அதை எழுதியவள் அவள்.

"வாடகை வீட்டைக் காலி செய்தால் வெளியேதான் போக வேண்டும்" என்று எழுதியவருக்கு நிறைய லைக் விழுந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்கிறவரிடம், உள்ளே கிடக்கும் அவருடைய கட்டிலையும் பீரோவையும் விட்டுவிட்டுப் போ என்று எந்த வீட்டுக்காரராவது சொல்வாரா? வீடு உங்களுடையது, பீரோ எங்களுடையது. இதைத்தான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏதோ புதிதாகக் கிளப்பிவிட்ட பிரச்சினை என்று நினைப்பவர்கள் பழைய கதை இரண்டைக் கேளுங்கள். 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு புத்தகங்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து தானாகவே அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் ஒரு பள்ளி மாணவர் வழக்குப் போட்டார். அவர் பிரச்சினை பணம் இல்லை. பாடத்துக்காக அந்தப் புத்தகத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். புத்தகம் போனதும், எந்த வரியைப் பற்றி எழுதினோம் என்பதே தெரியாமல் குறிப்புகள் பயனற்றுப் போய்விட்டன. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அமேசான் மன்னிப்பும் கேட்டது, குறிப்புகளோடு சேர்த்துப் புத்தகத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

அடுத்தது 2019. மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையையே மூடியது. மக்கள் வாங்கிய புத்தகங்கள் அந்த ஜூலையோடு திறக்காமல் போயின. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அதோடு புத்தகங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களின் கணக்கில் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தார்கள். அந்த 25 டாலரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புத்தகத்தின் விலை வேறு, வாசகர் எழுதியது வேறு என்று அவர்களே ஒப்புக்கொண்ட தொகை அது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குப் புரிந்த விஷயம், என் பதிவின் கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களுக்குப் புரியவில்லை.

"நிபந்தனைகளைப் படிக்காதது யார் தப்பு?" நான் படித்தேன். கேன்சல் செய்வதற்கு முன்பே அக்காவோடு உட்கார்ந்து படித்தோம். 'சந்தா முடிந்ததும் சந்தா உள்ளடக்கத்தை அணுக முடியாது' என்று இருந்தது. பயனர் எழுதிய குறிப்பும் 'சந்தா உள்ளடக்கம்' ஆகும் என்று அதில் எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள். கேன்சல் பட்டனை அழுத்தும் திரையில் 'எங்களை விட்டுப் போகிறீர்களா' என்று பெரிதாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, உங்கள் குறிப்புகள் இத்தனை இருக்கின்றன, இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போடத் தெரியாதா?

"எவ்வளவு காலம்தான் இலவசமாக வைத்திருப்பார்கள்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யாரையும் ஆயுசுக்கும் வைத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு கெடு சொல்லுங்கள் என்கிறோம். நிண்டெண்டோ, ஆன்லைன் சந்தா முடிந்தபிறகும் கிளவுடில் சேமித்த விளையாட்டுத் தரவை 180 நாள் வைத்திருக்கும் என்று சொல்லியிருக்கிறது. கூகுளில் கூடுதல் இடத்துக்கான சந்தாவை நிறுத்தினால் இலவச 15 ஜிபிக்கு இறங்கிவிடுவோம். அதற்கு மேல் இருந்தால் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, மெயில்கூட நின்றுபோகும். ஆனால் இருப்பதைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அளவைத் தாண்டிய நிலை இரண்டு வருடம் நீடித்தால்தான் அழிக்க வாய்ப்பு உண்டு என்கிறார்கள். இந்த ஆப்காரர்களிடம் கேட்டதற்கு வந்த பதில்: 'புதுப்பித்தால் உங்கள் குறிப்புகளைக் காணலாம்.' அப்படியென்றால் அழியவில்லை. வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள்.

"அப்படியென்றால் ஒரு மாதம் காசு கட்டி எடுத்துக்கொள்ளலாமே?" கட்டினோம். அதையும் கேளுங்கள். இரவல் புத்தகங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. சில வரவில்லை, ஏனென்றால் இதற்கிடையில் அந்தப் பதிப்பகம் சந்தாப் பட்டியலிலிருந்து விலகிவிட்டது. அந்தப் புத்தகங்களில் எழுதிய குறிப்புகள் இப்போதும் வரவில்லை. வந்தவற்றையும் முழுதாக ஏற்றுமதி செய்ய முடியவில்லை. ஹைலைட் செய்த வரிகள் ஓர் அளவுக்கு மேல் போனால் 'வரம்பு முடிந்தது' என்று நின்றுவிடுகிறது. ஹைலைட் செய்த வரி எழுத்தாளருடையது, அதற்குப் பதிப்பகம் வரம்பு வைப்பது எனக்குப் புரிகிறது. கிண்டிலிலும் அந்த வரம்பு உண்டு. ஆனால் அங்கே குறிப்புகளை எல்லாம் read.amazon.com/notebook என்ற பக்கத்தில் சேர்த்துப் பார்க்கவாவது வழி இருக்கிறது. இங்கே வரிக்கு வைத்த வரம்பு, அதன் கீழே அவள் எழுதியதையும் சேர்த்து முழுங்கிவிடுகிறது.

அவள் அப்படி என்ன எழுதினாள் என்று கேட்டவர்களுக்கு. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் இரவு முழுக்கக் கண் விழித்துப் பக்கத்தில் இருந்தவள் அவள். விளக்குப் போட முடியாது, அதனால் போனில் படிப்பாள். படிக்கும்போது தோன்றியதை அங்கேயே எழுதுவாள். ஒரு நாவலில் மருமகள் கோபப்படும் இடத்தில், 'இன்று எனக்கும் இதே கோபம் வந்தது, மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டார், கொடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார்' என்று எழுதியிருந்ததை ஒருநாள் எனக்குக் காட்டினாள். அவள் டைரி எழுதுகிறவள் இல்லை. அந்த வருடங்களுக்கு அவளிடம் இருப்பது இது ஒன்றுதான். இதைத்தான் 'பெரிய இலக்கியச் சொத்து போய்விட்டதா' என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த கமெண்டை அக்காவும் படித்தாள்.

இன்னொருவர், "இதற்குத்தான் திருட்டு பிடிஎஃப் படிக்க வேண்டும்" என்கிறார். காசு கொடுத்துப் படித்தவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் செய்தது சரி. சரியாக நடந்தவளை ஏமாளி ஆக்குகிறவர்களைக் கேட்காமல் அவளைக் கேட்கிறீர்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்கிறவர்கள், கிடைப்பது உரிமம்தான், அதைத் திரும்பப் பெறவும் கூடும் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியில், ஒருவர் தானே கொடுத்த தரவைக் கணினி படிக்கும் வடிவத்தில் திரும்பக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. அக்காவுக்காக நான் எழுதிய கடிதத்தில் இதே அடிப்படையில்தான் கேட்டிருக்கிறேன்: புத்தக வரிகள் வேண்டாம். புத்தகத்தின் பெயர், அத்தியாயம், தேதி, அவள் எழுதியது, இவ்வளவு போதும். ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு.

இதே நிலையில் இருப்பவர்கள், சந்தாவை நிறுத்தும் முன் மெயிலில் ரசீதுகளைத் தேடுங்கள். புத்தகத்தின் பெயர் போட்டு ரசீது இருந்தால் அது வாங்கியது, இல்லையென்றால் இரவல். இரவல் புத்தகத்தில் குறிப்பு எழுதியிருந்தால் சந்தா உயிரோடு இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள், ஏற்றுமதி இல்லையென்றால் ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுங்கள். ஆப்பின் தரவை அழிக்காதீர்கள், ஒத்திசைவு ஆகாத குறிப்பு அதோடு போய்விடும். கேன்சல் செய்வதற்குப் பதில் கணக்கையே டெலிட் செய்துவிடாதீர்கள், அப்போது வாங்கியதும் சேர்ந்து போகும்.

அக்காவைக் கேலி செய்த கமெண்டுகளை நீக்கிவிட்டேன். வாதம் செய்பவர்கள் செய்யலாம், பதில் சொல்கிறேன். ஆனால் 'புத்தகம் போகத்தானே செய்யும்' என்று இன்னொரு முறை யாரும் எழுத வேண்டாம்.