எண்ணத் தொடங்க வேண்டிய நாள் எது?

“வியாழன் இரவு ஆர்டர் செய்தேன். 5 முதல் 7 வேலை நாள் என்கிறார்கள். நடுவில் புதன் விடுமுறை. ஒரு நாள் கூட்டினால் அடுத்த வெள்ளிக்குள் வந்துவிடும்.”

நண்பரே, வெள்ளியை நம்பி யாரையும் வீட்டில் காத்திருக்க வைக்காதீர்கள். ஆர்டர் செய்த நேரம் இங்கே கணக்கில் வராது. கூரியர் பார்சலை வாங்கி முதல் ஸ்கேன் செய்த நாளைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான் முதல் நாள்.

உங்கள் பார்சல் வெள்ளி மாலை கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு போகத் திங்கள் 1, செவ்வாய் 2. புதனைத் தாண்டுங்கள். வியாழன் 3, வெள்ளி 4. நீங்கள் சொல்லும் வெள்ளியில் ஐந்தாம் நாளே பிறக்கவில்லை! அதற்கடுத்த திங்கள் முதல் புதன் வரைதான் சரியான கெடு.

கூரியருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்று சிலர் சொல்வது பாதி சரி. சனிக்கிழமையும் இயங்கும் கூரியர் என்றால் அதே கணக்கு வெள்ளி முதல் திங்கள் வரை என்று சுருங்கும். அவர்களின் விதிமுறையில் இதைப் பார்த்துவிடுங்கள்.

பண்டிகையன்றும் தமக்குப் பார்சல் வந்ததாகச் சிலர் சொல்வதும் நடக்கக்கூடியதே. விடுமுறை அனுப்பிய ஊரில் மட்டும் இருந்து, பார்சல் முன்பே கிளம்பியிருந்தால் ஒரு நாள்கூட அதிகமாகாது. பெறும் ஊரில் விடுமுறை என்றால் லாரி வந்து சேரும், விநியோகம் நடக்காது. இடையில் பிரித்து அனுப்பும் மையத்துக்கு மட்டும் விடுமுறை என்றால்? அதைக் கூரியரிடம்தான் கேட்க வேண்டும்.