பாதியைத் தாண்டினால் போதுமா? பியர்சிங் லைன், டார்க் கிளவுட் கவர் பற்றிக் கொஞ்சம்

டிரேடிங் குழுக்களில் அடிக்கடி ஒரு சார்ட் வந்து விழும். ஒரு சிவப்பு கேண்டில், பக்கத்தில் ஒரு பச்சை, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. கீழே "பியர்சிங் லைன், 50% தாண்டியாச்சு, வாங்கலாம்" என்று ஒரு வரி. எவ்வளவு தாண்டியது, தாண்டியதால் யாருக்கு வலித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐம்பதைத் தொட்டால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

புதியவர்களுக்காக ஒரு உதாரணக் கணக்கு. சில வாரங்களாக இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பங்கு. முதல் நாள் 520-இல் தொடங்கி 500-இல் முடிகிறது. ஹை 523, லோ 497. பாடி 20 ரூபாய், அதன் நடு 510. மறுநாள் முதல் நாள் லோவுக்கும் கீழே, 495-இல் கேப் டவுனாகத் திறக்கிறது. 494 வரை போய்விட்டு ஏறத் தொடங்குகிறது. எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான் பெயர். 497 பக்கம் நின்றால் ஆன் நெக். 500-ஐ ஒட்டி, பாடிக்குள் லேசாகத் தலையை நீட்டினால் இன் நெக். 506-இல் முடிந்தால் திரஸ்டிங். இந்த மூன்றையும் பழைய பாடம் 'இன்னும் இறங்கும்' என்ற கணக்கில் வைக்கிறது. 510-ஐத் தாண்டி முடிந்தால்தான் பியர்சிங் லைன். 520-ஐயும் தாண்டிவிட்டால் புல்லிஷ் எங்கல்ஃபிங். டார்க் கிளவுட் கவர் இதையே தலைகீழாகப் போட்டது: ஏற்றத்தில் ஒரு நீளமான பச்சை, மறுநாள் அதன் ஹைக்கு மேலே கேப் அப், பிறகு சரிந்து பச்சை பாடியின் பாதிக்குக் கீழே முடிவது.

இப்போது 509.50-இல் முடிந்தால் 'இறங்கும்', 510.50-இல் முடிந்தால் 'திரும்பும்' என்றாகிறது. ஒரு ரூபாயில் சந்தை மனம் மாறிவிட்டதா என்ன? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. NSE-யில் நெடுங்காலமாக ஒரு பங்கின் குளோசிங் விலை என்பது கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. கடைசியாகக் கைமாறிய விலை அல்ல. கடைசி அரை மணியில் 507-இலிருந்து 511-க்கு ஓடிய பங்கு, ஒரு சார்ட்டில் 511 என்றும் இன்னொன்றில் 509 சொச்சம் என்றும் நிற்கும். ஒருவருக்கு பியர்சிங், பக்கத்து வீட்டுக்காரருக்கு திரஸ்டிங்!

சரி, பாதி என்ற அளவு எங்கிருந்து வந்தது? மாட்டிக்கொண்டவர்கள் கணக்கிலிருந்து. முதல் நாள் வீழ்ச்சியில் கீழ்ப்பாதியில், கையில் இல்லாத பங்கை விற்று ஷார்ட் போனவர் எல்லோரும், மறுநாள் முடிவு 510-ஐத் தாண்டினால் நஷ்டத்தில் இருப்பார்கள். அவர்கள் பொசிஷனை மூட வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த வாங்கல் விலையை இன்னும் ஏற்றும். கதை சரிதான். ஆனால் 20 ரூபாய் முழுக்க வால்யூம் சமமாகப் பரவியிருக்கும் என்று ஓசைப்படாமல் வைத்துக்கொள்கிறது. விற்பனையில் பெரும்பங்கு கடைசி ஒரு மணி நேரத்தில் 500-க்கும் 504-க்கும் நடுவே நடந்திருந்தால், 507-இல் முடிந்தாலே பெரும்பாலோர் மாட்டியாயிற்று. காலையிலேயே 515-க்கு மேல் விற்றுத் தள்ளியிருந்தால், 511 அவர்களுக்கு உறைக்கவே உறைக்காது. அதனால் பாடியின் நடுவைவிட முதல் நாளின் VWAP, அதாவது வால்யூம் எடையிட்ட சராசரி விலை, எனக்கு நம்பகமான கோடு. பாதிக்கோடு அதற்கு ஒரு மாற்று அளவு, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று நம் ஊர் சந்தைக்கே உரியது. கேஷ் மார்க்கெட்டில் ஷார்ட் போனவர் அன்றைக்கே மூடிவிட வேண்டும். பங்கைக் கடன் வாங்கி விற்கும் ஏற்பாடு இருந்தாலும் சாதாரண டிரேடர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆக, ராத்திரி ஷார்ட்டோடு தூங்கப் போகிறவர் ஃபியூச்சர்ஸில்தான் இருப்பார். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நடக்கும் F&O-வில் இல்லாத ஒரு சிறிய பங்கில் பியர்சிங் லைன் வந்தால், மாட்டிக்கொண்ட ஷார்ட் என்று சொல்ல அங்கே அநேகமாக ஆளே கிடையாது. முந்தைய நாள் விற்றவர் கையிலிருந்ததை விற்றுவிட்டுப் போனவர். விலை ஏறினால் வயிறு எரியுமே தவிர, திரும்ப வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஏற்றம் முழுக்கப் புது வாங்கலை நம்பித்தான் நிற்கிறது. டார்க் கிளவுட் கவரில் அப்படியில்லை. முதல் நாள் பச்சையில் டெலிவரி எடுத்தவர் எந்தப் பங்கிலும் உண்டு. மறுநாள் அவருடைய வாங்கிய விலைக்குக் கீழே முடியும்போது அவர் நிஜமாகவே மாட்டியிருக்கிறார், விற்பதற்கு அவர் கையில் பங்கும் இருக்கிறது.

அதனால்தான் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. F&O-வில் இல்லாத பங்கில் பியர்சிங் என்றால் 50% எனக்குப் போதாது, மூன்றில் இரண்டு பங்காவது ஏறியிருக்க வேண்டும். டார்க் கிளவுட் என்றால் 45 சதவீதத்திலேயே கையில் இருப்பதைக் குறைக்க யோசிப்பேன். இந்தப் பாரபட்சம் பழைய பாடத்திலும் இருக்கிறது. ஆன் நெக், இன் நெக், திரஸ்டிங் என்று அரைகுறை ஏற்றத்துக்கு மூன்று பெயர் வைத்தவர்கள், அரைகுறை இறக்கத்துக்கு அப்படி வைக்கவில்லை. இந்த வடிவங்களைக் கோடு எழுதிக் கண்டுபிடிக்க உதவும் TA-Lib என்ற மென்பொருள் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்:

```
talib.CDLDARKCLOUDCOVER(o, h, l, c, penetration=0.5)
talib.CDLPIERCING(o, h, l, c)
```

முதலாவதில் ஊடுருவலை நாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் பாதி என்பது உள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, கை வைக்க வழியில்லை.

"அப்படியானால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது, 90% வரட்டும், பிறகு வாங்குகிறேன்" என்பவர்களும் உண்டு. அந்த ஆழத்துக்கு விலை கொடுக்கிறோம். ஸ்டாப்லாஸ் இரண்டாம் நாள் லோவுக்குக் கீழே 493, மேலே ரெசிஸ்டன்ஸ் 540 என்று வையுங்கள். 511-இல் வாங்கினால் ரிஸ்க் 18 ரூபாய், கிடைக்கக்கூடியது 29. 90% ஏறி 518-இல் முடிந்தபின் வாங்கினால் ரிஸ்க் 25, கிடைக்கக்கூடியது 22. சிக்னல் வலுவானது, டிரேடு மட்டமானது. இப்படி ஆழமாக முடிந்தால் மறுநாள் 510 பக்கம் இறங்கி வருமா என்று பார்ப்பேன். வராவிட்டால் விட்டுவிடுவேன். பல சமயம் வராது, அதுவும் தெரியும்.

சதவீதம் மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஓட்டை: முதல் கேண்டிலின் நீளம். தினமும் 15 ரூபாய் ஆடும் பங்கில் 4 ரூபாய் பாடியின் 60% என்பது 2.40. அது வெறும் இரைச்சல். முதல் பாடி, பங்கின் சராசரி தினசரி ஆட்டத்தைச் சொல்லும் ATR அளவுக்காவது இல்லையென்றால் நான் பாதியைக் கணக்குப் போடுவதே இல்லை.

கடைசியாக, பிட்காயின் சார்ட்டிலும் 5 நிமிட நிஃப்டி சார்ட்டிலும் பியர்சிங் லைன் தேடுகிறவர்களுக்கு. அங்கே ஒரு கேண்டில் முடிந்த விலையிலேயே அடுத்தது திறக்கிறது, கேப் என்பது அநேகமாக இல்லை. நம் உதாரணத்தில் 495-இல் திறந்து 511-க்கு வந்தது 16 ரூபாய் ஏற்றம். 500-இலேயே திறந்து 511-க்கு வந்தால் 11 ரூபாய்தான். சதவீதம் இரண்டிலும் அதே 55. முதலாவதில், காலையில் பயந்து லோவுக்குக் கீழே விற்றவர் அத்தனை பேரும் சாயங்காலத்துக்குள் தப்பான பக்கம் நிற்கிறார்கள். இரண்டாவதில் அப்படி நிற்க ஆளே இல்லை. கேப் இல்லாத சார்ட்டில் எங்கல்ஃபிங் வராத வரை நான் பொத்தானைத் தொடமாட்டேன்.