ஊசி புரைய வெளிய எடுக்கல, உள்ள தள்ளிச்சு

"பழங்கால இந்திய மருத்துவர் சுஸ்ருதர் ஊசிய வச்சே கண்புரைய வெளிய எடுத்தாரு, இன்னைக்கு பண்ற ஆபரேஷனும் அதேதான்"னு சிலர் சொல்றாங்க.

பாதி சரி தாங்க, ஊசி உண்மை. ஆனா அது மங்கிப்போன லென்ஸ பார்வைக்கு குறுக்க இல்லாம கீழ தள்ளிவிடும், லென்ஸ் கண்ணுக்குள்ளயே கிடக்கும், வெளிச்சம் உள்ள வரும் ஆனா பார்வை மங்கலா தான் இருக்கும், சிலருக்கு அப்புறமா கண் வீங்கி பார்வையே போயிரும். லென்ஸயே வெளிய எடுத்தது 1747ல, பிரான்ஸ்ல தவியேல்ங்கிற கண் டாக்டர்.

சந்தேகம்னா சுஸ்ருத சம்ஹிதை உத்தர தந்திரம் 17ம் அத்தியாயம் மொழிபெயர்ப்ப பாருங்க, அந்த ஊசிக்கு பேரு சலாகை, எட்டு விரற்கடை நீளம், நடுவுல நூல் சுத்தி, நுனி மொட்டு மாதிரி, செம்பு இரும்பு இல்லனா தங்கம். குத்துனப்புறம் ஒரு மூக்க அடைச்சு சிந்தி கபத்த வெளியேத்த சொல்லியிருக்கும், 'வெளிய எடுத்தாரு'ன்னு குழம்புனது அங்க தான்னு நினைக்கிறேன். கண்ண வெட்டி லென்ஸ எடுக்குற வரி எங்கயாவது இருக்கான்னு நீங்களே தேடிப்பாருங்க.