அவசரமாக ஆள் தேவை

(காரைக்குடியில் ஒரு டிடிபி கடை. கடைக்காரர் வள்ளி. சின்ன கிளினிக் ஒன்றின் கம்பவுண்டர் கருப்பையா உள்ளே வருகிறார். பதினெட்டு நாளாக வரவேற்பு மேஜையும் அவர் தலையில்தான்.)

கருப்பையா: ஆத்தா, ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கு வாட்ஸ்அப்பில் போட ஒரு வாசகம் எழுதித் தா. போன மாதம் நானே எழுதினேன், சரிப்படவில்லை.

வள்ளி: என்ன எழுதினீங்க அண்ணே?

கருப்பையா: "கிளினிக்கிற்கு அவசரமாக ஆள் தேவை." கீழே நம்பர்.

வள்ளி: அவ்வளவுதானா?

கருப்பையா: அவ்வளவுதான். மூன்று பேர் "எந்த குரூப் ரத்தம்?" என்று கேட்டார்கள். அதோடு, நான் போட்டது நோயாளிகள் டோக்கன் கேட்கும் போன் நம்பர். வேலை கேட்பவர்களே லைனைப் பிடித்துக்கொண்டதால், நோயாளிகள் நேரில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

வள்ளி: சரி, இந்தத் தடவை என்ன போடணும்?

கருப்பையா: டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். "இன்முகம், சரளமான ஆங்கிலம், கம்ப்யூட்டர் அறிவு, ஐந்து வருட அனுபவம். சம்பளம் தகுதிக்கேற்ப."

வள்ளி: கிளினிக்கில் கம்ப்யூட்டர் இருக்கிறதா?

கருப்பையா: வாங்கலாம் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்.

வள்ளி: இங்கிலீஷ்?

கருப்பையா: வருகிறவர்கள் புதுவயல், கோட்டையூர் ஆட்கள். டாக்டரே மருந்துச் சீட்டில்தான் இங்கிலீஷ் எழுதுவார்.

வள்ளி: அப்போ அதையெல்லாம் அடிச்சிடலாம். நிஜமா அங்கே என்ன வேலை?

கருப்பையா: டோக்கன் கொடுக்கணும், போன் எடுக்கணும், ஃபீஸ் வாங்கி ராத்திரி கணக்கு ஒப்படைக்கணும். அதெல்லாம் பழகிவிடும். கஷ்டம் ஃபைல் எடுப்பதில்தான். எங்கள் அலமாரியில் மெய்யப்பன் மட்டும் இருபத்தி ஆறு பேர். விலாசம் கேட்காமல் எடுத்தால் போச்சு. சர்க்கரைக்கார மெய்யப்பன் ஃபைலை முழங்கால்வலி மெய்யப்பனுக்கு எடுத்து நீட்டினேன். "எனக்கு எப்பய்யா சர்க்கரை வந்தது?" என்று அவருக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

வள்ளி: அதைத்தான் எழுதணும். அனுபவம் வேண்டாம், தமிழில் தெளிவா எழுதணும், பேரையும் விலாசத்தையும் கேட்டு ஃபைல் எடுக்கிற பொறுமை வேணும். நேரம் என்ன?

கருப்பையா: காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை.

வள்ளி: ஐயையோ!

கருப்பையா: நடுவில் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை வேலை கிடையாது, ஆத்தா.

வள்ளி: அதைச் சொல்லலைன்னா பதினொன்றரை மணி நேர வேலைன்னுதான் படிப்பாங்க. உண்மையில் எட்டு மணி நேரம்தான். முன்னாடி இருந்த பொண்ணு ஏன் நின்னுச்சு?

கருப்பையா: தேவகோட்டைப் பிள்ளை. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. மூன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. நாலாவது நாள் வரவில்லை.

வள்ளி: அப்போ ரெண்டு வேளை நேரத்தையும் தனித்தனியா போடணும். பக்கத்தில் இருப்பவங்களுக்கு வசதின்னும் சொல்லிடலாம். தூரத்து ஆள் தானா ஒதுங்கிடும். சம்பளம்?

கருப்பையா: பன்னிரண்டாயிரம். ஆனால் போடாதே என்கிறார்.

வள்ளி: போடலைன்னா ஒவ்வொருத்தரும் அதைக் கேட்கவே போன் பண்ணுவாங்க. போனை எடுக்கப்போவது டாக்டரா, நீங்களா?

கருப்பையா: (உடனே) போடு, ஆத்தா. கொட்டை எழுத்தில் போடு.

(வள்ளி தட்டச்சு செய்து திரையைத் திருப்புகிறார்.)

"காரைக்குடி, கழனிவாசல் கிளினிக்கில் வரவேற்பாளர் வேலை. மாதம் ரூ.12,000.
காலை 9.30 – 1.30, மாலை 5 – 9. ஞாயிறு விடுமுறை.
டோக்கன், போன், ஃபீஸ், ஃபைல். தமிழில் தெளிவாக எழுதவும், பெயர், விலாசம் கேட்டு ஃபைல் எடுக்கவும் பொறுமை வேண்டும். அனுபவம் தேவையில்லை, கற்றுத் தருவோம். பக்கத்தில் வசிப்பவர்களுக்கு வசதி.
இந்த மாதம் 20ஆம் தேதிக்குள், மதியம் 1.30 – 2.30 நேரில் வரவும். பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

கருப்பையா: பணம் கட்ட வேண்டாம் என்பது எதற்கு?

வள்ளி: வேலை தர்றோம்னு முன்பணம் வாங்கிட்டு ஓடுகிற கூட்டம் இருக்கு. இதைப் போடலைன்னா படிக்கிறவங்க நம்மையும் சந்தேகப்பட்டுத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. இதையெல்லாம் படத்துக்குள்ளேயே போட்டுடறேன். பாதிப் பேர் படத்தை மட்டும்தான் அடுத்த குரூப்புக்குத் தள்ளுவாங்க.

கருப்பையா: தேதி அவசியமா? இடம் அடைக்கிறதே.

வள்ளி: "இந்த மாதம்"னு போட்டதே தப்பு, மாசப் பேரையும் வருஷத்தையும் சேர்க்கணும். இல்லைன்னா ஆள் சேர்ந்த பிறகும் ஊரெல்லாம் சுத்தும்.

(கருப்பையாவின் போன் அடிக்கிறது.)

கருப்பையா: ஹலோ... வேலைக்கா? நான் இன்னும் போடவே இல்லையே! ...போன மாத விளம்பரமா? எங்கிருந்து பேசுறீங்க? ...துபாயா? (பெருமூச்சு விட்டு) சரி தம்பி, டோக்கன் நம்பர் பதினேழு, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க.