பூஜ்யத்தை ஓ ஆக்கும் ஸ்கேன்: மொத்தமாக மாற்றாதீர்கள்

ஸ்கேன் செய்த பில்களை ஓசிஆர் வழியாக எக்செலுக்குக் கொண்டுவந்ததும், பலர் முதலில் தொடுவது Find & Replace. ஷீட் முழுக்க `O` எல்லாம் `0`, `l` எல்லாம் `1`. இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தொகை சரியாகும், சரக்கின் பெயரெல்லாம் கெடும். எந்த எழுத்து தவறு என்பதை அந்தப் பத்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் சொல்லும்.

தொகைப் பத்தியில் `1,25O.l0` என்று இருந்தால் 1,250.10 என்று திருத்தலாம். ஆனால் அதே பத்தியில் `Nil` என்றும் இருக்கும். அது `Ni1` ஆகிவிடும். ஆகவே மாற்றிய பிறகு செல் முழுவதும் எண்ணாக அமைந்தால் மட்டும் ஏற்கவும், இல்லையென்றால் பழையதை அப்படியே விடவும். சரக்கு விவரப் பத்தியைத் தொடவே வேண்டாம்.

உண்மையான சிக்கல் ஜிஎஸ்டி எண்ணில். 15 இடங்களில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும், ஆனால் இடம் நிலையானது. N இலக்கம், L எழுத்து, X இரண்டில் ஏதாவது, Z மட்டும் அப்படியே Z:

```
NNLLLLLNNNNLXZX
33AA0X00Ol001Z8   ஸ்கேனில் வந்தது
33AAOXO0010O1Z8   இடம் பார்த்துத் திருத்தியது
```

(இது உதாரணத்துக்கு அமைத்த எண். ஆறாவது இடம் பான் எண்ணின் நான்காம் எழுத்து. அங்கே X வராது.)

திருத்தும் முன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடாதீர்கள். `l` அப்போது `L` ஆகிவிடும், அது 1 என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

கடைசி இடத்தில் எழுத்தும் வரலாம், இலக்கமும் வரலாம். அங்கே வடிவம் உதவாது. ஆனால் அது சரிபார்ப்பு எழுத்து, முந்தைய 14 இடங்களிலிருந்து கணக்கிடலாம். 0 முதல் 9 வரை அதே மதிப்பு, A 10, Z 35. இடமிருந்து மாறி மாறி 1, 2 ஆல் பெருக்கி, ஒவ்வொரு விடையையும் 36 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேலுள்ள எண்ணுக்கு மொத்தம் 169. அதை 36 ஆல் வகுத்தால் மீதி 25. 36-இல் அதைக் கழித்தால் 11, அதாவது B. (மீதி 0 என்றால் விடையும் 0.) ஸ்கேன் 8 என்று படித்தது B-ஐத்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். கணக்கில் வந்த எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டால் எந்தத் தவறான எண்ணும் சரியானதாகத் தெரியும். படித்ததும் கணக்கில் வந்ததும் 8-B, 0-O, 5-S போன்ற குழப்பும் ஜோடியாக இருந்தால் மட்டுமே மாற்றுங்கள். 8 என்று படித்து K என்று கணக்கு வந்தால் தவறு உள்ளே எங்கோ இருக்கிறது: 7 ஒன்றாகியிருக்கலாம், Q ஓ ஆகியிருக்கலாம். பில்லை எடுத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 13-ஆம் இடமும் இரண்டும் வரக்கூடியது. `l` வந்தால் 1, I இரண்டையும் போட்டுப் பார்த்து, கணக்கு ஒத்துவருவதை எடுங்கள்.

எச்எஸ்என் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிய பிறகே திருத்தவும். `O402` என்பதை 0402 ஆக்கியதும் எக்செல் அதை 402 என்று சுருக்கிவிடும். ஸ்கேனில் வந்த பத்தியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். எதை மாற்றினோம் என்று பின்னால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.